வீட்டு வரவு செலவைச் சலாகையில் கீறுவதா, வட்டத்தில் கீறுவதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாதர் சங்கங்களிலும் கடன் குழுக்களிலும் வீட்டுக் கணக்குப் பற்றிக் கதைக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பொதுநோக்கு மண்டபம், சுவரில் ஒட்டிய டிமைத் தாள், முன்னால் இருபது முப்பது பேர். அதை மனதில் வைத்துத்தான் பதில்கள்.

கூட்டத்தில ஒரு குடும்பத்தின்ர மாதச் செலவைக் காட்டவேணும். ஒண்டைத்தான் கீற நேரமிருக்கு. எதைக் கீற?

சலாகை வரைபைக் கீறுங்கள். சலாகைகள் நிமிர்ந்து நிற்காமல் இடமிருந்து வலமாகப் படுத்திருக்கட்டும். பெரிய செலவு மேலே, சின்னது கீழே. ஒவ்வொரு சலாகையின் முனையிலும் ரூபாயைப் பெரிதாக எழுதிவிடுங்கள்.

படுக்கையாகக் கீறச் சொல்வது தமிழுக்காகத்தான். "பிள்ளைகளின் படிப்பு", "கரண்ட், காஸ், போன்" போன்ற பெயர்கள் நிமிர்ந்த சலாகையின் அடியில் அடங்காது. சரித்து எழுதினால் பின்வரிசையில் இருப்பவர் கழுத்தைச் சரிக்க வேண்டும்.

வட்டம்தானே பார்த்த உடன விளங்கும் எண்டு பயிற்சியில சொல்லித் தந்தவை?

ஒரு முழுமையின் பங்குகள் இவை என்பதை வட்டம் உடனே சொல்லிவிடும், அது உண்மைதான். ஆனால் எந்தப் பங்கு பெரிது, எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில் அது பின்தங்கிவிடும். 1984இல் அமெரிக்காவில் வில்லியம் கிளீவ்லண்ட், றொபேட் மக்கில் என்ற இரண்டு புள்ளிவிபரவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே கோட்டிலிருந்து தொடங்கும் அளவுகளை ஒப்பிடும்போது மனிதர் மிகக் குறைவாகவே பிழைவிட்டனர். கோணங்களை ஒப்பிடச் சொன்னபோது பிழை கூடியது. இந்த இரண்டு வரைபுகளுமே ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபெயார் தந்தவை. சலாகை 1786இல் வந்தது, வட்டம் 1801இல். அவர் நாடுகளின் வியாபாரத்தையும் நிலப்பரப்பையும் காட்டத்தான் அவற்றைக் கீறினார், வீட்டுச் செலவை அல்ல.

ஆனாலும் வீட்டுக் கணக்குக்கு வட்டம் பொருந்தாததற்குக் கண்ணின் பிழை முதல் காரணம் இல்லை. வட்டம் எப்போதும் நிறைந்தே இருக்கும். கைக்காசு போதாத மாதத்திலும் அது நிறைந்துதான் இருக்கும். வன்னியில் ஒரு குடும்பத்தின் கணக்கில் பார்க்க வேண்டியதே அந்தப் போதாமைதான், அதை வட்டம் மூடி மறைத்துவிடுகிறது. கீழே குறைந்த வருமான மாதம் பற்றிய கேள்வியில் இதை இலக்கத்தோடு காட்டியிருக்கிறேன்.

ஒரு உதாரணத்தை எடுத்துக் கீறிக் காட்டுங்கோவன்.

தாய், தகப்பன், பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகள் என்று ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுப்போம். கொஞ்சம் வயல், மற்ற நாட்களில் கூலி வேலை, ஒரு மோட்டார் சைக்கிள் லீசிங்கில். மாதச் செலவு 72,000 ரூபாய். இந்தத் தொகையைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு: 72,000ஐ 360 ஆல் பிரித்தால் 200 வரும். ஆகவே வட்டத்தில் ஒரு பாகைக்கு 200 ரூபாய். பாகைமானி வைத்துக் கீறுகிறவருக்கு இது பெரிய உதவி.

சாப்பாடு 30,000. கடன் தவணை, லீசிங்கும் குழுக்கடனும் சேர்த்து, 14,000. பிள்ளைகளின் படிப்பு 9,000. பெற்றோல், பஸ் 6,000. கரண்ட், காஸ், போன் 5,000. சீட்டு 4,000. மருந்தும் நல்லது கெட்டதும் 4,000. கூட்டிப் பாருங்கள், 72,000 வரும்.

முதலில் வட்டம். சாப்பாட்டுக்கு 150 பாகை, கடனுக்கு 70, படிப்புக்கு 45, போக்குவரத்துக்கு 30, கரண்டுக்கு 25, சீட்டுக்கும் மருந்துக்கும் 20, 20. கீறி முடித்தால் சாப்பாடும் கடனும் நன்றாகத் தெரியும். மிச்ச ஐந்தும் ஒரு பக்கத்தில் நெருக்கிக்கொண்டு கிடக்கும். சீட்டையும் கரண்டையும் எடுங்கள். 15 சென்றிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் இரண்டின் விளிம்புக்கும் வித்தியாசம் 1.3 சென்றிமீற்றர்தான். துண்டுகள் வெவ்வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் எது பெரிது என்று பின்வரிசை ஆட்கள் ஊகிக்க வேண்டியிருக்கும். பெயர்களும் துண்டுக்குள் அடங்காமல் வெளியே எழுதி அம்புக்குறி போட வேண்டிவரும்.

இனிச் சலாகை. டிமைத் தாளை அகலப்பாட்டில் வையுங்கள். இடப்பக்கம் பெயர் எழுத இடம் விட்டு, நிமிர்ந்த கோடு ஒன்றைக் கீறுங்கள். எல்லாச் சலாகையும் அந்தக் கோட்டில்தான் தொடங்கும். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சென்றிமீற்றர் என்றால் சாப்பாட்டுச் சலாகை 30 சென்றிமீற்றர், சாதாரண அடிமட்டத்தின் முழு நீளம். கரண்டுக்கு ஐந்து, சீட்டுக்கு நாலு. இங்கேயும் வித்தியாசம் ஒரு சென்றிமீற்றர்தான், ஆனால் இரண்டும் ஒரே கோட்டில் தொடங்குவதால் அது வெளியே நீட்டிக்கொண்டு தெரியும். முனையில் ரூபாயை எழுதிவிட்டால் கீழே அளவுத்திட்டம் எழுதத் தேவையே இல்லை. அளவுத்திட்டத்தை வாசிப்பது பள்ளிக்கூடத்தில் பழகியவர்களுக்கே உரிய பழக்கம். அதைக் கூட்டத்தில் எதிர்பார்க்கக் கூடாது.

உழைப்புக் குறைஞ்ச மாதத்தை எப்பிடிக் காட்டுறது? எங்கட பக்கம் ஒரு மாதம் போல மற்ற மாதம் இல்லை.

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

காலபோகம் விதைத்து, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் கூலி வேலை குறைந்துவிடும். கரையோரத்தில் வாடைக்காற்றுக் காலத்தில் கடலும் கொந்தளிக்கும், தொழிலுக்குப் போகும் நாட்கள் குறையும். அறுவடைக் காசு கைக்கு வரத் தை, மாசி, பங்குனி ஆகிவிடும். ஆனால் சாப்பாட்டுச் செலவும் தவணையும் மழை பார்த்து நிற்காது.

அதே குடும்பம் கார்த்திகையில் உழைத்தது 45,000 என்று வைப்போம். செலவு அதே 72,000. துண்டுவிழுகிற 27,000ஐ எப்படிச் சமாளித்தார்கள்? நகை அடகில் 20,000, கடைக்கொப்பியில் பற்று 7,000.

இந்த மாதத்துச் செலவை வட்டமாகக் கீறினால் என்ன தெரியும்? மேலே கீறிய அதே வட்டம்தான், ஒரு பாகைகூட மாறாது. வரவை வட்டமாகக் கீறினால் இன்னும் மோசம். உழைப்பு, அடகு, பற்று என்று மூன்று துண்டும் ஒன்றாகச் சேர்ந்து வட்டத்தை நிறைத்துவிடும். அடகு வைத்த காசு வருமானத்தின் ஒரு பங்கு போலத் தோன்றும்.

சலாகையில் இரண்டு கீறுங்கள், ஒன்றின் கீழ் ஒன்று, ஒரே கோட்டில் தொடங்க. ஆயிரத்துக்கு அரைச் சென்றிமீற்றர் எடுத்தால் ஒரு தாளுக்குள் அடங்கும். மேலே செலவு, 36 சென்றிமீற்றர். கீழே உழைப்பு, 22.5 சென்றிமீற்றர், முழுதாக நிறம் தீட்டியது. அதன் முனைக்கும் செலவுச் சலாகையின் முனைக்கும் இடையில் வெறுமையாக 13.5 சென்றிமீற்றர் கிடக்கும். அந்த வெறுமையை உடனே நிரப்ப வேண்டாம். கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, "இந்த இடத்தை எதால நிரப்புவம்?" என்று கேளுங்கள். அடகு, பற்று, வட்டிக்காசு என்று சனமே சொல்லும். பிறகு அடகுக்கு 10 சென்றிமீற்றர், பற்றுக்கு 3.5 என்று சாய்கோடு போட்டு நிரப்புங்கள். உழைத்த காசு முழு நிறம், கடன்பட்ட காசு சாய்கோடு. இந்த வழக்கத்தைக் கடைசிவரை மாற்றாதீர்கள்.

இனிச் செலவுச் சலாகையில் தவணை 14,000ஐயும் 7 சென்றிமீற்றருக்குப் பிரித்துக் காட்டினால், கடன்பட்ட 27,000இல் பாதிக்கு மேல் வேறொரு கடனின் தவணைக்குப் போய்விட்டது என்பதை முன்வரிசையில் இருக்கும் யாராவது சொல்லிவிடுவார்கள். நீங்கள் அதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. கடன் பற்றி வெளியிலிருந்து வந்தவர் புத்தி சொன்னால் மண்டபம் மௌனமாகிவிடும்.

அறுவடை மாதத்திலும் வட்டம் பிழையான கதை சொல்லும். பங்குனியில் கையில் 130,000 வந்தது, சாப்பாட்டுச் செலவு அதே 30,000 என்று வைப்போம். வந்த காசை வட்டமாகக் கீறினால் சாப்பாட்டுத் துண்டு 83 பாகை. கார்த்திகைச் செலவு வட்டத்தில் அது 150 பாகை. இரண்டு தாளையும் பக்கத்தில் ஒட்டினால் "பங்குனியில குறைவாச் சாப்பிட்டிருக்கினம்" என்றுதான் ஆட்கள் வாசிப்பார்கள். சாப்பாடு குறையவில்லை, முழுமைதான் மாறியது. ஒரு வட்டம் செலவின் முழுமை, மற்றது வரவின் முழுமை. சலாகையில் இரண்டு மாதமும் ஒரே அளவில் கீறப்படுவதால் சாப்பாட்டுச் சலாகை இரண்டிலும் ஒரே நீளமாக இருக்கும்.

பன்னிரண்டு மாதத்தையும் ஒரே தாளில் கீற ஆசை வரும். வேண்டாம். வரவும் செலவுமாக இருபத்துநாலு சலாகை ஆகிவிடும். ஒரு பஞ்ச மாதம், ஒரு அறுவடை மாதம் போதும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா என்று செலவு கூடுகிற மாதங்களைப் பற்றி யாராவது எழுப்பினால், அந்த மாதத்தை அங்கேயே தனித்தாளில் கீறலாம்.

அப்ப வட்டத்தைத் தொடவே கூடாதோ?

தொடலாம். "எங்கட காசில பாதிக்கு மேல சாப்பாட்டுக்கும் கடனுக்கும் போகுது" என்ற ஒரேயொரு வசனத்தைச் சொல்ல வட்டம்தான் சரி. சாப்பாடு 150, கடன் 70, சேர்த்து 220 பாகை. அரை வட்டம் 180 என்பதால் பாதியைத் தாண்டியது கண்ணுக்கு உடனே தெரியும். சலாகையில் இரண்டு சலாகையை மனதுக்குள் ஒட்டிப் பார்த்து, மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும், அது சிரமம்.

ஆனால் துண்டு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. சாப்பாடு, கடன், மற்றதெல்லாம். உச்சியில், மணிக்கூட்டில் பன்னிரண்டு நிற்கும் இடத்தில் தொடங்கிக் கூட்ட வேண்டிய இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். செலவு வரவுக்குள் அடங்கிய மாதத்துக்கு மட்டும் கீறுங்கள்.

வாசிக்கத் தெரியாத அம்மாமாரும் வருவினம். அவைக்கு என்ன செய்ய?

சோடா மூடி சேருங்கள். ஒரு மூடி ஆயிரம் ரூபாய். பாயை விரித்து, இடப்பக்கத்தில் எழுத்துக்குப் பதிலாகப் பொருளை வையுங்கள்: கொஞ்ச அரிசி, ஒரு கொப்பி, மருந்துப் பெட்டி, கரண்ட் பில், மோட்டார் சைக்கிள் திறப்பு. அரிசிக்கு நேரே முப்பது மூடி வரிசையாகப் போகும். அதுதான் சலாகை வரைபு, தாள் இல்லாமல். எழுபத்திரண்டு மூடி ஒரு கடையில் கேட்டாலே கிடைக்கும்.

புளியங்கொட்டையும் சிலர் பாவிக்கிறார்கள். அதில் ஒரு பிரச்சினை: கொட்டைகள் ஒரே பருமன் இல்லை. பெரிய கொட்டையாக விழுந்த வரிசை எண்ணிக்கை குறைவாக இருந்தும் நீளமாகத் தெரியும். ஆட்கள் எண்ணுவதில்லை, நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால் மூடியே நல்லது.

தாளில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. "தவணையைக் குறைக்க ஏலாது, பெற்றோலில ரெண்டு எடுக்கலாம்" என்று ஒரு அம்மா குனிந்து மூடியை நகர்த்துவார். இன்னொருவர் அதைத் திருப்பி வைப்பார். வட்டத்தில் ஒரு துண்டை இப்படி நகர்த்த முடியாது, முழுவதையும் அழித்துத் திரும்பக் கீற வேண்டும்.

வீட்டு நெல்லு, முட்டை, தோட்டத்து மரக்கறியை எல்லாம் எங்க போடுறது? வயல் செலவையும் சேர்க்கவோ?

வயல் செலவைச் சேர்க்காதீர்கள். உழவு, பசளை, வெட்டுமெசின் எல்லாம் ஒரு போகத்துக்கு ஒருதடவை பெருந்தொகையாக வருபவை. வீட்டுக் கணக்கில் அதைப் போட்டால் அந்தச் சலாகை தாளைத் தாண்டிப் போகும், மற்றவை எல்லாம் குட்டையாகிவிடும். வயலுக்குத் தனிக் கணக்கு வைத்து, வீட்டுக்கு வந்த இலாபத்தை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். வயலுக்குப் பட்ட கடனின் தவணையை வீட்டுக் காசில் கட்டினால், அதை மட்டும் கடன் சலாகையில் சேருங்கள்.

வீட்டு நெல் வேறு விஷயம். அதற்குக் காசு கொடுக்கவில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் கொடுத்திருக்க வேண்டும். மாதம் 40 கிலோ அரிசி சொந்த நெல்லில், கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் 8,000. சாப்பாட்டுச் சலாகையின் 30,000 முடிகிற இடத்திலிருந்து 8,000க்கு வெளிக்கோடு மட்டும் கீறி உள்ளே வெறுமையாக விடுங்கள். சோடா மூடி என்றால் எட்டு மூடியைக் கவிழ்த்து வையுங்கள். 72,000 என்ற காசுக் கூட்டலுக்குள் அது வராது. நெல் முழுவதையும் விற்றுவிட்டுப் பிறகு கடையில் அரிசி வாங்குகிற பழக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த வெறும் பெட்டியிலிருந்துதான் கிளம்பும்.

சதவீதம் எழுதவோ, ரூபாய் எழுதவோ?

ரூபாய். 19 சதவீதம் என்றால் யாருக்கும் ஒன்றும் தைக்காது. 14,000 என்றால் எத்தனை நாள் கூலி என்று அந்த இடத்திலேயே கணக்குப் பார்ப்பார்கள்.

கொம்பியூட்டரில Excel இல கீறினா எதைக் கவனிக்க வேணும்?

மூன்று விஷயம் அடிக்கடி கெடுகிறது.

படுக்கைச் சலாகை வரைபைப் போட்டால் Excel உங்கள் பட்டியலைத் தலைகீழாக்கிவிடும், முதலில் எழுதிய சாப்பாடு அடியில் போய் நிற்கும். பெயர்கள் உள்ள அச்சின் மேல் வலது பொத்தானை அழுத்தி Format Axis இல் Categories in reverse order என்பதைத் தெரிவு செய்தால் சரியாகும்.

அடுத்தது பூச்சியம். மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவு 28,500, 29,000, 30,000 என்று கிட்டக்கிட்ட இருந்தால் Excel தானாகவே அச்சைப் பூச்சியத்தில் தொடங்காமல் நடுவில் எங்கோ தொடங்கிவிடக்கூடும். 30,000 சலாகை 28,500ஐ விட மிக நீளமாகத் தெரியும். உண்மையான வித்தியாசம் 1,500 ரூபாய்தான். Format Axis இல் Minimum என்ற இடத்தில் 0 என்று நீங்களே எழுதுங்கள். சலாகையில் நீளம்தான் செய்தி, அதன் அடியை வெட்டினால் செய்தி பொய்யாகிவிடும்.

மூன்றாவது 3-D. கனமாகத் தெரிகிற வட்டத்தில் முன்பக்கத் துண்டுக்குச் சுவரும் சேர்ந்து தெரிவதால் அது பெரிதாகவும், பின்பக்கத் துண்டு ஒடுங்கியும் தோன்றும். ஒரே 4,000 ரூபாய் முன்னே இருந்தால் ஒரு அளவு, பின்னே இருந்தால் இன்னொரு அளவு. அழகுக்காகக்கூட அதைத் தொடாதீர்கள்.

எழுத்துருவையும் பாருங்கள். பாமினியில் தட்டச்சுச் செய்த பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். யூனிகோட்டில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

நிறம் நிறமாக் கீறினா போட்டோக்கொப்பியில எல்லாம் ஒண்டாப் போகுதே?

சலாகைக்குப் பல நிறம் தேவையில்லை. பெயர் பக்கத்திலேயே இருக்கிறது, நிறம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நிறம், கதைக்க எடுத்த சலாகைக்கு மட்டும் கறுப்பு. கடனுக்குச் சாய்கோடு. போட்டோக்கொப்பியில் இது அப்படியே வரும். நிறத்தை நம்பி வாழ்வது வட்டம்தான்.

உண்மையான ஒரு குடும்பத்தின்ர கணக்கைக் காட்டினா நல்லா விளங்கும் எல்லோ?

விளங்கும், ஆனால் அடுத்த நாள் ஊர் முழுக்க அந்த வீட்டு அடகுக் கதை ஓடும். கற்பனைக் குடும்பமே போதும். தொகைகளை மட்டும் அந்த ஊர் விலைக்குக் கிட்ட வையுங்கள். சந்தை விலைக்குப் பொருந்தாத சாப்பாட்டுச் செலவைக் கண்டால் முழுக் கணக்கையும் தள்ளிவிடுவார்கள்.

ஆக்களுக்கு விளங்கிச்சுதோ எண்டு எப்பிடி அறியிறது?

"விளங்கிச்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதை விட்டு, படத்தில் எழுதாத ஒன்றைக் கேளுங்கள். "இந்தக் குடும்பம் கார்த்திகையில எவ்வளவு கடன்பட்டது?" என்பது ஒன்று. "படிப்புக்குப் போறதைப் போல எத்தினை மடங்கு சாப்பாட்டுக்குப் போகுது?" என்பது இன்னொன்று. 27,000, மூன்று மடங்குக்குச் சற்று மேல் என்று வந்தால் படம் வேலை செய்திருக்கிறது. "பங்குனியில மிஞ்சினது எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். 130,000இல் 72,000ஐக் கழித்து 58,000 என்று சிலர் சொல்வார்கள். அடகு மீட்க 20,000, கடைப்பற்று 7,000, அதோடு அடகு வட்டி என்று யாராவது குறுக்கே வந்து, மிச்சம் 31,000 கூட இல்லை என்றால், அந்தக் குழுவுக்கு அடுத்த கூட்டத்தில் தங்கள் சொந்தக் கணக்கைச் சோடா மூடியில் அடுக்கக் கொடுக்கலாம்.